ஜாமீன் கையெழுத்தும் சொந்தபந்தமும்

சொந்தக்காரர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட மறுப்பவரைத் தமிழ்க் குடும்பங்கள் எளிதில் மன்னிப்பதில்லை. பணம் இல்லை என்று சொன்னால் பொறுத்துக்கொள்கிறார்கள். கையில் இருந்தால்தானே கொடுக்க முடியும் என்ற நியாயம் அங்கே செல்லுபடியாகிறது. கையெழுத்துக்கு அந்த நியாயம் கிடையாது. பேனா எல்லாரிடமும் இருக்கிறது. அதனால் மறுப்பவர் மனமில்லாதவர், சொந்தத்தை மதிக்காதவர், நாலு காசு சேர்ந்ததும் ஆளே மாறிவிட்டவர் என்று பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சுக்கு அஞ்சியும், மறுக்கிறோமே என்ற குற்ற உணர்வாலும் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இதைப் பண்பாடு என்று போற்றும் பார்வை தவறானது. ஜாமீனின் சட்டம், அது பணமாக மாறும் கணக்கு, உறவுகள் உண்மையில் எந்த இடத்தில் முறிகின்றன என்ற நடைமுறை ஆகிய மூன்றும் அதற்கு எதிராகவே நிற்கின்றன.

அந்தப் பார்வையின் முதல் வாதம், கையெழுத்து என்பது வெறும் நம்பிக்கைச் சான்று என்பது. “நான்தானே கட்டப்போறேன், பேருக்கு ஒரு ஷூரிட்டி கேக்கிறாங்க” என்றுதான் வேண்டுகோள் தொடங்கும். கேட்பவர் பொய் சொல்வதில்லை. அவரும் அப்படித்தான் நம்புகிறார். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படி நம்பவில்லை. அதன் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவுடையவை. அசல், வட்டி, அபராத வட்டி எல்லாம் அதில் அடக்கம். கடன் வாங்கியவரின் வீட்டையும் கடையையும் முதலில் விற்றுப் பார்த்து, மீதிக்குத்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்பது ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. உச்ச நீதிமன்றம் 1969இல் பீகார் வங்கிக்கும் தாமோதர் பிரசாத்துக்கும் இடையிலான வழக்கில் இதைத் தெளிவாக மறுத்தது. கடன்காரர் மீதான வழிகளையெல்லாம் தீர்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. நடைமுறையில் மாதச் சம்பளம் வாங்கும் ஜாமீன்தாரரிடம்தான் வங்கி முதலில் வரும். அவருடைய முகவரி மாறாது, வருமானமும் நிற்காது. சீட்டு நிறுவனங்கள் சீட்டு எடுத்தவரிடம் அரசு ஊழியர்களாகப் பார்த்து ஜாமீன் கேட்பதும், சம்பளச் சான்று வாங்கி வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

இது பணமாக எப்படி மாறுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர், தன் சகலை மளிகைக் கடை வைக்க வாங்கும் 8 லட்சம் ரூபாய்க்கு ஜாமீன் போடுகிறார் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம், காலம் ஐந்து ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 18,615 ரூபாய். சகலை நேர்மையானவர், பதினான்கு மாதம் ஒழுங்காகக் கட்டுகிறார். அதற்குள் அவர் கையிலிருந்து 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் போயிருக்கும். பிறகு கடை படுக்கிறது. அப்போது பாக்கி எவ்வளவு? ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் இருக்கும் என்றுதான் குடும்பத்தில் கணக்குப் போடுவார்கள். உண்மையில் 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் பாக்கி நிற்கும். தொடக்கத் தவணைகளில் ஏறத்தாழப் பாதி வட்டிக்கே போய்விடுவதால் அசல் 1 லட்சத்து 40 ஆயிரம்தான் குறைந்திருக்கும். “மூணுல ஒரு பங்கு கடனைக் கட்டிட்டேன்” என்று சகலை மனசாரச் சொல்லும் நாளிலும் ஆசிரியரின் தலையில் பெரும் பாரம் அப்படியே இருக்கும்.

தொண்ணூறு நாளுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் வங்கி அந்தக் கடனை வாராக்கடன் என்று வகைப்படுத்துகிறது. நோட்டீஸ் இருவருக்கும் வரும். கடன் தகவல் அறிக்கையில் ஆசிரியரின் பெயருக்கு நேரேயும் அந்தக் கடன் பதிவாகியிருப்பதால், அவர் தன் மகளின் படிப்புக்குக் கடன் கேட்கப் போகும்போது அது குறுக்கே வரும். வழக்கு நடந்து தீர்ப்பாணை வந்துவிட்டால் சம்பளத்தையே பிடிக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஜீவனாம்சம் அல்லாத கடன்களில் சம்பளத்தின் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் பிடிக்கக் கூடாது என்று காக்கிறது. கணக்கில் வரும் சம்பளம் 61,000 ரூபாய் என்றால் மாதம் 20,000 ரூபாய் வரை போகும். ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் இருபத்து நான்கு மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது. அப்படிப் பார்த்தாலும் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதற்குப் பிறகு சம்பளம் தப்பும். அவர் பெயரில் உள்ள மனையும் வைப்புத்தொகையும் தப்புவதில்லை. இவ்வளவையும் உள்ளே வைத்திருக்கும் ஒரு செயலைப் “பேருக்கு ஒரு கையெழுத்து” என்பதை ஏற்க முடியாது.

இரண்டாவது வாதம் சற்று வலுவானது. குடும்பம் என்பதே ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பது. இன்று சகலைக்குச் செய்தால் நாளை சகலை செய்வார். வங்கியும் அரசும் கைவிடும் நாட்டில் சொந்தபந்தம்தான் காப்பீடு என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. மொய் எழுதுவதும், தாய்மாமன் சீரும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணைக்கு இருப்பதும் அப்படிப்பட்ட ஏற்பாடுகள்தான். அவை இல்லாமல் போயிருந்தால் ஏராளமான குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. மொய் நோட்டில் ஆயிரம் எழுதியவரின் இழப்பு ஆயிரத்தோடு முடிகிறது. கொடுப்பவர் தன்னால் முடிந்ததைத் தானே தீர்மானித்துக் கொடுக்கிறார். ஜாமீனில் அளவைத் தீர்மானிப்பவர் வேறொருவர். சகலையின் கடை ஓடுவதும் ஓடாததும், அவர் சரக்கைக் கடனுக்கு விடுவதும் விடாததும் ஆசிரியரின் இழப்பை முடிவு செய்கின்றன. உதவுகிறவரின் கையில் அளவே இல்லாத ஒன்றைப் பரஸ்பர உதவியின் வரிசையில் வைப்பது பொருந்தாது.

திருக்குறளைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரமே வைத்தாரே வள்ளுவர் என்பார்கள். அதே பொருட்பாலில் வலியறிதல் என்ற அதிகாரமும் இருக்கிறது. தன்னிடம் உள்ள அளவை ஆராயாமல் பிறருக்கு உதவுகிறவனின் செல்வம் விரைவில் கெடும் என்பது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளின் கருத்து. இதற்கு எதிராக ஒப்புரவறிதலின் கடைசிக் குறளை எடுத்துக்காட்டலாம். ஒப்புரவால் கேடு வருமானால் அதைத் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அது. அந்த உயர்வை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பணயம் வைக்கப்படுவது உதவுகிறவர் மட்டும். குடும்பஸ்தரின் ஜாமீனில் பணயமாவது மனைவியின் சேமிப்பும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும், வயதான தாயின் மருந்துச் செலவும். அவர்களில் யாரும் அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதில்லை. பெரும்பாலும் அவர்களைக் கேட்பதுகூட இல்லை. தன்னுடையதைக் கொடுப்பவரின் தியாகத்துக்குரிய பெயரை, கேட்காமலே மற்றவர் பங்கையும் சேர்த்துக் கொடுப்பவருக்குச் சூட்டலாகாது.

மூன்றாவது வாதம்தான் எல்லாரையும் பணிய வைப்பது: மறுத்தால் உறவு முறிந்துவிடும். மறுத்தால் மனக்கசப்பு வரும் என்பது உண்மை. சில மாதம் பேச்சு குறையும், ஒரு விசேஷத்துக்கு அழைப்பிதழ் நேரில் வராமல் தபாலில் வரும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மறுப்பையும் அமைதியையும் அல்ல. மறுப்பால் வரும் கசப்பையும் கடன் தவறினால் வரும் கசப்பையும். கடன் தவறிய பிறகு நடப்பதைப் பாருங்கள். ஆசிரியர் கட்டிய பணத்தைக் கடன்காரரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவது என்றால் சகலை மீது வழக்குப் போடுவது. பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போடாவிட்டால் அதுவும் காலாவதியாகிவிடும். போட்டால் அக்காவும் தங்கையும் எதிரெதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். போடாவிட்டால் ஆறு லட்சம் ரூபாய் வாய்திறக்காத கோபமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். தீபாவளிக்குச் சகலை புதுச் சட்டை எடுத்தால்கூட அது குற்றமாகத் தெரியும். பணம் கொடுக்க வேண்டியவர் முகம் கொடுக்கக் கூசி வரவை நிறுத்திவிடுவார். ஊரில் பேச்சுவார்த்தை இல்லாமல் நிற்கும் பங்காளிகளையும் மச்சான்மார்களையும் விசாரித்தால், காரணம் தொடக்கத்தில் சொன்ன ‘முடியாது’ என்ற சொல்லாக இருப்பது அரிது. பெரும்பாலும் அது சொல்லப்படாமல் போன ‘முடியாது’தான்.

இத்தனை தெரிந்தும் மறுப்பவருக்குக் குற்ற உணர்வு வருகிறது. அதையே சான்றாகக் காட்டி, “தப்பு செய்யலன்னா மனசு ஏன் உறுத்துது?” என்று கேட்பது நான்காவது வாதம். உறுத்தல் எல்லாம் மனசாட்சியின் குரல் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. ராய் பௌமைஸ்டரும் அவருடைய சக உளவியல் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரையில், குற்ற உணர்வு தனிமனிதனின் உள்ளே மட்டும் நிகழ்வதல்ல, நெருங்கிய உறவுகளுக்கிடையே இயங்குவது என்று காட்டினார்கள். நெருங்கியவரின் மனம் வாடுவதைக் கண்டால் அது எழும். தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள ஒருவர் மற்றவரிடம் அதைத் தூண்டவும் முடியும். அதாவது உறுத்தல் வந்ததால் தவறு நடந்தது என்று ஆகிவிடாது. பாசம் இருக்கிறது என்பதை மட்டுமே அது உறுதியாகச் சொல்கிறது. சகலையின் முகம் வாடியதைப் பார்த்து ஆசிரியருக்கு வலிப்பது நல்லதுதான். ஆனால் கடை வைக்கும் முடிவும், சொத்து அடமானம் இல்லாமல் கடன் வாங்கும் முடிவும், அதற்கு யாரை இழுப்பது என்ற முடிவும் சகலையுடையவை. பிறருடைய ஏமாற்றத்துக்கு வருந்துவதும், தான் செய்த தீங்குக்கு வருந்துவதும் உடலில் ஒரே மாதிரி உணரப்படுகின்றன. இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி போதும்: அவருக்கு உரியது எதுவும் இந்த மறுப்பால் பறிக்கப்பட்டதா? ஜாமீன் யாருக்கும் உரியதல்ல.

உரியவை வேறு உண்டு. பெற்றோரைப் பராமரிப்பது அப்படிப்பட்டது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் அதைச் சட்டக் கடமையாகவே வைத்திருக்கிறது. பட்டினியோடும் அவசரச் சிகிச்சையோடும் வருகிறவரை வாசலில் நிறுத்திக் கணக்குப் பேசுவதை இந்தக் கட்டுரை நியாயப்படுத்தவில்லை. அங்கே மறுத்துவிட்டு வரும் உறுத்தல் நியாயமான உறுத்தல்.

மறுக்கும் முறை தவறினால் நியாயமான மறுப்பும் காயமாக மாறும். மிகவும் கெடுப்பது ஒத்திப்போடுவது. “பாக்கலாம் மச்சான், ரெண்டு நாள்ல சொல்றேன்” என்ற சொல் ஆசிரியருக்குத் தப்பிக்கும் வழி. சகலைக்கு அது சம்மதம். அவர் வங்கி மேலாளரிடம் பெயரைச் சொல்லிவிடுவார், கடைக்கு முன்பணமும் கொடுத்துவிடுவார். பிறகு சொல்லும் மறுப்பு, உதவி மறுத்ததாக இருக்காது. வாக்கு மீறியதாக இருக்கும். கேட்ட அன்றே சொல்லும் மறுப்பில் அவர் வேறு ஆளைத் தேடவாவது நேரம் கிடைக்கிறது.

அடுத்தது பொய்க் காரணம். ஏற்கெனவே இரண்டு கடன் இருக்கிறது, சம்பளச் சான்று தரமாட்டேன் என்கிறார்கள் என்று சாக்குச் சொன்னால், சொந்தக்காரர்கள் அந்தச் சாக்கைத் தீர்த்து வைக்க வந்துவிடுவார்கள். ஹெட்மாஸ்டரிடம் பேசிச் சான்று வாங்கித் தர ஒரு மாமா கிளம்புவார். சாக்கு தீர்ந்ததும் மறுப்பவர் நிராயுதபாணி. இதைவிட மோசமானது, மனைவியின் மேல் பழியைப் போடுவது. “எனக்கு ஆட்சேபணை இல்ல, வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறா” என்ற ஒரு வாக்கியத்தால் தப்பித்துக்கொண்ட ஆண்கள் இந்த நாட்டில் ஏராளம். அதன் விலையை அந்தப் பெண் அடுத்த இருபது வருட விசேஷங்களில் கட்டுகிறாள். மறுப்பு தன்னுடையது என்று சொல்லத் துணியாதவர் மறுக்கவில்லை. வேறொருவரைப் பலி கொடுக்கிறார்.

காரணத்தைவிடக் கொள்கை நன்றாக நிற்கிறது. “யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுறதில்லைன்னு வச்சிருக்கோம் மச்சான். எங்க அண்ணன் கேட்டப்பவும் இதையேதான் சொன்னோம்” என்பதில் தீர்ப்பதற்கு ஒரு சாக்கு இல்லை, சகலையின் நேர்மை மீது ஐயமும் இல்லை. ஆனால் இது உண்மையாக இருக்க வேண்டும். அண்ணனுக்குப் போட்டுவிட்டுச் சகலைக்குக் கொள்கை பேசினால், பக்கம் பார்த்தார் என்ற நியாயமான கோபம் வரும். அதை எதனாலும் ஆற்ற முடியாது. பல குடும்பங்களில் மறுப்பு புண்படுத்துவதற்குக் காரணம் மறுப்பு அல்ல, அந்தப் பாரபட்சம். சொல்வதையும் கேட்டவரிடமே நேரில், தனியாகச் சொல்ல வேண்டும். வேண்டுகோள் பாட்டி மூலமாகவோ, கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னாலோ வந்திருந்தாலும் பதில் அதே வழியில் திரும்பிப் போகக் கூடாது. பாட்டிக்குச் சொல்ல வேண்டியது, மச்சானிடம் பேசிக்கொள்கிறேன் என்பது மட்டுமே.

மறுத்த பிறகு கொடுக்க மனமும் வசதியும் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் ஒரு தொகையைக் கடன் என்ற பெயரில்லாமல் கொடுக்கலாம். அந்த ஆசிரியருக்கு அது முப்பதாயிரமாக இருக்கலாம். கடையின் முதல் நாள் பூஜைக்குப் போய் வைத்துவிட்டு வருவது பொருத்தம். குற்ற உணர்வைத் தணிக்கத் தன் சக்திக்கு மேல் கொடுப்பது மறுத்ததன் பயனையே கெடுத்துவிடும். சகலை வீட்டு விசேஷங்களுக்கு முன்பு போலவே போய், முன்பு எழுதிய அளவிலேயே மொய் எழுதிவர வேண்டும். மறுத்தவர் கூச்சத்தில் தானே ஒதுங்கிப்போவதுதான் பல உறவுகளை முறிக்கிறது. பழியோ மறுப்பின் மேல் விழுகிறது.

கேட்டதைக் கொடுப்பதே பண்பாடு என்னும் பார்வையின் முழுக் கடுமையும் பெண்கள் மேல் விழுவதைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்களிடம் கையெழுத்துக் கேட்பது போல் மருமகளிடம் நகை கேட்கப்படுகிறது. “பெட்டியில சும்மாதானே கிடக்கு, ஆறு மாசத்துல திருப்பித் தந்துடுவோம்” என்பதுதான் அந்த வேண்டுகோளின் மாறாத வடிவம். நாத்தனார் கல்யாணத்துக்கும் கொழுந்தனாரின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் அடகுக்குப் போகும் நகை, வட்டி கட்டாமல் ஏலத்துக்குப் போனால் அவள் பெயரில் இருந்த ஒரே சொத்து போய்விடும். ஆசிரியர் மறுத்தால் பேச்சு கெடும். மருமகள் மறுத்தால் அவள் குடியிருக்கும் வீட்டின் அன்றாடமே கெடும். ஒரே மாதிரித் துணிவை இருவரிடமும் எதிர்பார்ப்பது அநியாயம். உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில், சீதனம் பெண்ணின் முழு உரிமைச் சொத்து; கணவர் வீட்டார் வசம் இருந்தாலும் அது அவர்களிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டதுதான் என்று தீர்ப்பளித்தது. எனவே அந்த வீட்டில் மறுப்பைச் சொல்ல வேண்டிய வாய் கணவனுடையது. தன் தாயிடமும் தங்கையிடமும் “அது அவ நகை, அதைக் கேக்காதீங்க” என்று அவன் சொல்வது உதவி அல்ல, அவன் கடமை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவருக்கு மறுப்பின் வாசல் பெரும்பாலும் மூடிவிட்டது. தொடர்ந்து வாங்கும் கடன்களுக்கான ஜாமீனை மட்டும், இனி நடக்கப்போகும் வரவுசெலவுகளைப் பொறுத்தவரை, 130ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம். கொடுத்து முடிந்த ஒற்றைக் கடனுக்கு அது உதவாது. ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் வங்கியும் கடன்காரரும் ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றினால் அதன் பிறகான பொறுப்பிலிருந்து 133ஆம் பிரிவு விடுவிக்கிறது. ஆனால் அச்சிட்ட வங்கிப் படிவங்களில் அத்தகைய மாற்றங்களுக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்கும் வரி பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பதும், தவணை நிலவரத்தை மாதந்தோறும் வங்கியில் விசாரிப்பதும், முதல் தவணை தவறிய மாதத்திலேயே கடன்காரரை உட்கார வைத்துப் பேசுவதும்தான் அவர் கையில் உள்ளவை. கூட இன்னொரு ஜாமீன்தாரர் இருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதபோது இருவரும் பாக்கியைச் சமமாகத் தாங்க வேண்டும் என்கிறது 146ஆம் பிரிவு. வங்கி ஒருவரிடமே முழுவதையும் வசூலித்துவிட்டால், மற்றவரிடம் பாதியைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு.